கோடு மேலே ஏறுகிறது!

சென்ற மாதம் எங்கள் வட்டத்தில் பொதுக்கூட்டம். கொடி கட்டிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கணுக்காலுக்கு மேலே கட்டுக்கம்பி கீறிவிட்டது. அரை அங்குலக் காயம். தோள் துண்டால் துடைத்தார். பக்கத்து டீக்கடையிலிருந்து காப்பித்தூளை வாங்கி அப்பினார். மேடை வேலைக்குத் திரும்பினார். இரவு போகிற வழியில் ஒரு டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டார். "ஊசி போட்டாச்சு, இனிமேல் என்ன?" என்றார்.

இந்த நம்பிக்கைதான், தோழர்களே, நம்மில் பலருடைய காலுக்கு வினையாக முடிகிறது! அந்த ஊசி ரண ஜன்னிக்கு மட்டுமே தடுப்பு. அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தோலிலும் அழுக்கிலும் குடியிருந்து கீறல் வழியே உள்ளே புகும் மற்ற கிருமிகளை அது ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு முதல் தடுப்பு, ஓடுகிற தண்ணீரிலே சோப்புப் போட்டு ஐந்து நிமிடம் கழுவுவது. காப்பித்தூள் தடுப்பல்ல, கூடுதல் அழுக்கு.

மறுநாள் நண்பகல் காயத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம். தொட்டால் சுட்டது. மாலையில் முழங்காலின் உட்பக்கத்திலிருந்து தொடைக்கு ஒரு கோடு. கவட்டிலே நெறி கட்டிவிட்டது. பெரியவர் ஒருவர், "விஷம் ஏறுகிறது, மேலே கயிறு கட்டு" என்றார். கட்டாதீர்கள்! அந்தக் கோடு இரத்தக் குழாயல்ல. தோலுக்கடியில் ஓடும் நிணநீர்க் குழாய், உள்ளே கிருமி போவதால் அழன்று சிவக்கிறது. நெறி என்பது அந்த வழியில் உள்ள காவற்சாவடி. சாவடி வீங்கியது என்றால் பகை அதுவரை வந்துவிட்டது என்று பொருள். அதைத் தாண்டினால் அடுத்தது இரத்தம். கயிறு கட்டினால் கிருமி நிற்காது. காலுக்குப் போகும் இரத்தம்தான் குறையும்.

"சிவப்புக் கோடு" என்று மருத்துவ நூல்கள் சொல்வது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் கறுத்த தோலில் அது ஊதாவாக, கருஞ்சிவப்பாக, சில நேரம் வெறும் பளபளப்பாகத்தான் தெரியும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், புறங்கையை வைத்து இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சூடும் விறைப்பும் எங்கே முடிகின்றனவோ அங்கே பேனாவால் எல்லை போட்டு, மணியையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் எல்லை தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கோடு தெரிந்தாலோ, நெறி கட்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ எல்லை போட்டுக் காத்திருக்கவே வேண்டாம், உடனே புறப்படுங்கள்.

நம் தோழர் புறப்படவில்லை. நடுக்கம் வந்தது, மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கி விழுங்கினார். காய்ச்சல் இறங்கியது, கிருமி இறங்கவில்லை. ஞாயிறு காலை அரசு மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் இன்னொரு செய்தி வெளிவந்தது. இரத்தத்தில் சர்க்கரை 340! நாற்பத்தாறு வயதுவரை ஒருமுறைகூடச் சோதித்ததில்லை.

சர்க்கரை மிகுந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. நாள்பட்டால் கால் நரம்பு மரத்து, இரத்த ஓட்டமும் குறைகிறது. அதனால்தான் "வலியில்லை, ஆகவே ஆபத்தில்லை" என்ற கணக்கு நீரிழிவுக்காரருக்குப் பொருந்தாது. வலிக்காத புண்தான் அவருக்குப் பெரிய பகை. அவர் காலில் கீறல் பட்டு, சுற்றிலும் வீங்கினால், கோடு வரும்வரை பொறுக்காமல் அன்றே காட்ட வேண்டும்.

ஆறு நாள் நரம்பு வழியே கிருமிக்கொல்லி மருந்து, கூடவே இன்சுலின், காலைத் தலையணைமேல் உயர்த்திய படுக்கை. கால் தப்பியது. முதல் நாள் பேனா எல்லையை வீக்கம் சற்றுத் தாண்டியதும் வீட்டார் பதறினார்கள். மருந்து தொடங்கிய நாளில் அப்படி ஆகலாம். இரண்டு நாளாகியும் ஏறினால் மருத்துவரிடம் மறுபடி காட்ட வேண்டும். வாங்கிய மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது வேண்டாம்.

காயத்தைப் பார்த்தால் சிறிது, வலியோ தாங்க முடியவில்லை. தோல் கறுக்கிறது, கொப்புளம் எழுகிறது. அல்லது பேச்சுத் தடுமாறுகிறது, மூச்சு வாங்குகிறது. இவற்றில் ஒன்று கண்டாலும் 108-ஐ அழையுங்கள். அங்கே மணிக்கணக்கு உயிர்க்கணக்கு.

"ஒரு நாள் கூலி போகுமே" என்பார்கள். உண்மைதான்; அதை மறைத்துப் பேசுவது ஏமாற்று. ஆனால் ஈ.எஸ்.ஐ. உள்ள ஆலையில் வேலையின்போது பட்ட காயத்துக்கு, மருத்துவர் சான்றின்பேரில் கூலியில் 90 விழுக்காடு உதவித்தொகை உண்டு. அதைப் பெற, கீறல் சிறிதென்று விடாமல் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், எழுதச் சொல்லுங்கள்!