நைட் ஷிப்ட் எந்தப் பக்கம் சுழல வேண்டும்? ஒரு மில் கணக்கு

ராஜபாளையம் நூற்பாலை ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பிறகு இந்தப் பக்கம் எத்தனையோ மில்கள் வந்துவிட்டன. மூன்று ஷிப்ட் ஓடும் மில்லில் வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6. கேள்வி ஒன்றுதான்: எந்தப் பக்கமாக மாற்றுவது?

காலை, மதியம், இரவு என்று போனால் முன்னோக்கிய சுழற்சி. இரவு, மதியம், காலை என்று வந்தால் பின்னோக்கியது. சார்ட்டில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். உடம்புக்கு அப்படி இல்லை.

பெரும்பாலானோரின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமாக ஓடுகிறது. அதனால் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னுக்கு இழுப்பது கஷ்டம். சென்னையிலிருந்து லண்டன் போகும்போது சமாளித்துவிடுகிறவர், திரும்பி வந்த பிறகு ராத்திரி இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது இதனால்தான்.

பின்னோக்கிய சுழற்சியில் வேறொரு சிக்கலும் உண்டு. மதிய ஷிப்ட் சனிக்கிழமை இரவு 10-க்கு முடிகிறது. திங்கள் காலை 6-க்குக் காலை ஷிப்ட். இடைவெளி 32 மணி நேரம். வாரம் முழுக்க நள்ளிரவுக்கு மேல் தூங்கிய ஒரு சைடர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடிக்க திங்களன்று விடிவதற்கு முன்பே எழ வேண்டும். ஞாயிறு இரவு சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. அன்று அறுந்த நூலைப் பிடித்துப் போடும் கை மந்தமாகத்தான் இருக்கும்.

1982-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பொட்டாஷ் எடுக்கும் ஆலையில் வாரம் ஒருமுறை பின்னோக்கிச் சுழன்ற தொழிலாளர்களை, 21 நாளுக்கு ஒருமுறை முன்னோக்கிச் சுழல வைத்தார்கள். புகார்கள் குறைந்தன, உற்பத்தி கூடியது. ஆனால் திசை, வேகம் இரண்டையும் சேர்த்தே மாற்றியதால், முழுப் பெருமையையும் திசைக்கே கொடுத்துவிட முடியாது.

சரி, திசையை மட்டும் திருப்பிவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் பல சார்ட்கள் கோட்டை விடுகின்றன. முன்னோக்கிப் போனால் காலையிலிருந்து மதியத்துக்கும், மதியத்திலிருந்து இரவுக்கும் 48 மணி நேரம் கிடைக்கும். ஆனால் சனிக்கிழமை நைட் பார்த்தவருக்கு வேலை ஞாயிறு காலை 6-க்குத்தான் முடிகிறது. திங்கள் காலை 6-க்கு அடுத்த ஷிப்ட். பேருக்கு 24 மணி நேர விடுமுறை, பாதி நாள் தூக்கத்திலேயே போய்விடும். "லீவு கொடுத்தாச்சே" என்று ஆபீஸ் சொல்லும், "எங்க கொடுத்தீங்க?" என்று இவர் கேட்பார்.

தீர்வு, வாராந்திர மெஷின் நிறுத்தத்தை எட்டு மணி நேரம் முன்னால் நகர்த்துவது. இப்போது மில் ஞாயிறு காலை 6 முதல் திங்கள் காலை 6 வரை நிற்கிறது. அதைச் சனி இரவு 10 முதல் ஞாயிறு இரவு 10 வரை என்று ஆக்க வேண்டும். சனி நைட் போய், அதற்குப் பதில் ஞாயிறு நைட் வரும். ஸ்பிண்டில் ஓடும் நேரம் ஒரு மணி கூடக் குறையாது. நைட் முடிப்பவர் சனி காலை 6-க்கு வெளியே வந்தால் திங்கள் காலைதான் மறுபடி வேலை. நடுவில் இரண்டு ராத்திரி வீட்டில். மதியத்திலிருந்து நைட்டுக்குப் போகிறவருக்கு 24 மணி நேரம்தான் என்றாலும், அவர் சனி ராத்திரி வீட்டில் தூங்கிவிட்டுத் தாமதமாகும் திசையில்தான் நகர்கிறார். புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலை போகவும் நேரம் இருக்கும். (கிரிவலத் திருவண்ணாமலை இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பெருமாள் மலை.)

மாற்றும் வாரத்தில்தான் சண்டை வரும். இப்போது மதியம் பார்க்கும் குழு, போன வாரம்தான் நைட் பார்த்திருக்கும். திசை திரும்பியதும் அவர்களே மறுபடி நைட்டுக்குப் போக வேண்டும். இதை இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. அந்த வாரம் நைட் பார்க்கும் குழுவுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து ராத்திரிதான் வரும். அந்த ஒரு நாள் கூலியை நிர்வாகம் கொடுத்துவிடுவதே நியாயம். ஞாயிறு இரவே வேலை தொடங்குவதால், ஷிப்ட் நேர அறிவிப்பை மாற்றி, தொழிற்சாலை ஆய்வாளரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

முன்னோக்கிச் சுழன்றாலும் நைட் நைட்தான். விடியற்காலை 3 மணித் தூக்கத்தை எந்த சார்ட்டும் ஒழிக்காது. இயல்பாகவே சீக்கிரம் எழுகிற சிலருக்கு இந்தத் திசை பெரிதாக உதவாமலும் போகலாம். பலன் உண்டா என்று பார்க்க மஸ்டர் ரோலே போதும்: ஷிப்ட் மாறிய முதல் இரண்டு நாளில் எத்தனை பேர் வரவில்லை என்பதை மாற்றத்துக்கு முன்பும் பின்பும் மூன்று மாதம் எண்ணிப் பார்க்கலாம். தீபாவளி, பொங்கல் வாரங்களை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது.