பி.எச். 7 என்றால் நீர் நலமா?

டோம்பிவிலி தொழிற்பேட்டையில் 2014 ஜனவரியில் பச்சை மழை பெய்தது. 2020 பிப்ரவரியில் சாலையொன்று இளஞ்சிவப்பாயிற்று. இரண்டும் செய்தியாயின. அமிலத்துக்கு நிறமில்லை. அதனைக் காட்டிக்கொடுக்க நாம் நம்பியிருப்பது பி.எச். என்னும் ஒற்றை எண்ணை. நீர்நிலையில் விடப்படும் கழிவுநீருக்குப் பொது வரையறை 5.5 முதல் 9.0 வரை. இந்த எண் மட்டும் போதாது.

ஆற்றுநீரைக் காப்பது பைகார்பனேட்டு. வரும் அமிலத்தை அது வாங்கிக்கொண்டு, கரைந்த கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது. பி.எச். மதிப்பு இவ்விரண்டின் விகிதத்தைப் பொறுத்தது. தாங்குதிறனோ அவற்றின் அளவைப் பொறுத்தது. தாங்கல் கரைசல் என்ற பாடநூல் சொல் இங்கே பொருந்துகிறது. வேடந்தாங்கலில் உள்ள ‘தாங்கல்’ ஏரியைக் குறிக்கும். ஏரிக்கும் கொள்ளளவு உண்டு.

ஒரு கணக்கு. லிட்டருக்கு 2.0 மில்லிமோல் பைகார்பனேட்டும் 0.2 மில்லிமோல் கார்பன் டைஆக்சைடும் உள்ள நீரைக் கொள்வோம். விகிதம் பத்து, பி.எச். 7.35. இதில் 0.9 மில்லிமோல் வல்லமிலம் சேர்ந்தால் இரண்டும் 1.1 ஆகிச் சமனாகும், பி.எச். 6.35. அதே அளவு மீண்டும் சேர்ந்தால் 0.2, 2.0, பி.எச். 5.35. மூன்றாம் முறை, எஞ்சிய 0.2 தீர்ந்து, 0.7 மில்லிமோல் அமிலம் தடுப்பாரின்றி நிற்கும், பி.எச். 3.2க்கு அருகே விழும். தூய நீரில் முதல் தவணையே இதைச் செய்திருக்கும்.

இந்நீர் 5.5 என்ற எல்லையைத் தொடும்போது பைகார்பனேட்டில் ஏறக்குறைய 86 விழுக்காடு செலவாகியிருக்கும். எண் இன்னும் ‘வரம்புக்குள்’ என்றே சொல்லும்.

இதனினும் பெரிய ஏமாற்று ஒன்றுண்டு. மேற்கண்ட கணக்கு மூடிய குடுவைக்கு உரியது. திறந்த ஓடையில் கார்பன் டைஆக்சைடு காற்றோடு போய்விடும். முதல் தவணைக்குப் பின் அது 1.1இலிருந்து 0.11ஆகக் குறைந்தால் விகிதம் மீண்டும் பத்து, பி.எச். மீண்டும் 7.35. இரவில் அமிலம் வந்து போனதை மறுநாள் மாதிரி காட்டாது. பைகார்பனேட்டு மட்டும் 2.0க்குப் பதில் 1.1ஆக நிற்கும்.

அதைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டா. அளந்த நீரில் மெத்தில் ஆரஞ்சு சேர்த்து, நீர்த்த கந்தக அமிலத்தை நிறம் மாறும்வரை சொட்டினால் மொத்தக் காரத்தன்மை கிடைக்கும். காரக் கழிவு கலந்திருப்பின் இந்த எண்ணும் உயர்ந்து ஏமாற்றும். ஆகவே ஒரே நாளின் அளவீட்டை நம்பாமல், கழிவு சேருமிடத்துக்கு மேலும் கீழும் தொடர்ந்து அளக்க வேண்டும். உல்ஹாஸ் ஆற்றுக்கும் கல்யாண் கழிக்கும் மக்கள் கேட்க வேண்டியது, பி.எச். மதிப்புக்குப் பக்கத்தில் இந்த இரண்டாம் எண்ணையும்தான்.