எளியது இயந்திரத்துக்கு, கடினமானது தொழிலாளிக்கு

பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் உள்ள அலுவலகங்களில், பல நாட்டு நிறுவனங்களின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் ஊழியர்கள் பெருந்திரளாகப் பணியாற்றுகின்றனர். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக நாள்தோறும் சென்று திரும்பும் தமிழ்நாட்டு இளைஞர்களும் அவர்களில் உண்டு. இந்த வேலைகளில் கடந்த பத்தாண்டுகளாக ஒரு மாற்றம் நிகழ்ந்து வருகிறது. ஆர்.பி.ஏ. எனப்படும் தானியக்க மென்பொருள் அன்றாட வேலையைச் செய்கிறது. தன்னால் முடியாததை மட்டும் மனிதரிடம் தள்ளிவிடுகிறது. இந்த மென்பொருளை ‘பாட்’ என்றும், அது தள்ளிவிடும் வேலையை ‘எக்ஸெப்ஷன்’ என்றும் அலுவலகங்களில் வழங்குகிறார்கள். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸ் நிறுவனமே, தனது துணை நிறுவனமான எட்ஜ்வெர்வ் மூலம் ‘அசிஸ்ட்எட்ஜ்’ என்ற பெயரில் இத்தகைய மென்பொருளை விற்கிறது. தானியக்கத்தால் ஓராண்டில் 8,000 முதல் 9,000 ஊழியர்கள் தமது பழைய வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டு வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டதாக 2017 ஜனவரியில் அந்நிறுவனமே கூறியது.

வேலையை விட்டு நீங்கியவர்களைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். அதே இருக்கையில் எஞ்சியிருப்பவரின் நிலையைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. இத்தலையங்கம் அவரைப் பற்றியது.

ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பியவர்கள் பணம் கேட்டு அனுப்பும் பில்களைச் சரிபார்க்கும் பிரிவை எடுத்துக்கொள்வோம். பில் ஒன்று வந்ததும் ஊழியர் மூன்று ஆவணங்களை ஒப்பிடுவார்: வாங்குவதற்குக் கொடுத்த ஆணை, சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு, பில். மூன்றிலும் அளவும் விலையும் ஒத்திருந்தால் கணக்கில் ஏற்றிவிடலாம். இது சில நிமிட வேலை. ஒத்துவராவிட்டால்தான் சிக்கல். ஆணையில் 100 பெட்டி, வரவில் 96, பில்லில் 100 என்றிருந்தால், கிடங்குக்கு எழுத வேண்டும். விற்றவரிடம் கேட்க வேண்டும். வரியைத் திருத்த வேண்டும். இப்போது ஒத்துவரும் பில்களையெல்லாம் பாட் முடித்துவிடுகிறது. ஒத்துவராதவை வரிசையாக ஊழியரின் திரைக்கு வருகின்றன.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. 20 பேர் நாளொன்றுக்கு 2,000 பில்களைப் பார்க்கிறார்கள். அவற்றில் 1,600 எளியவை, ஒன்றுக்கு 3 நிமிடம். 400 சிக்கலானவை, ஒன்றுக்கு 12 நிமிடம். இரண்டும் கலந்த சராசரி 4.8 நிமிடம். 8 மணி நேரத்தில் ஒருவர் 100 பில் முடிப்பார். பாட் வந்ததும் 1,600 பில்கள் அதன் பக்கம் போகின்றன. நிர்வாகம் சொல்கிறது: “வேலையில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது, ஆகவே 4 பேர் போதும், ஆளுக்கு வழக்கமான 100.” கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் மீந்துள்ள 400 பில்களும் 12 நிமிட வேலைகள். மொத்தம் 4,800 நிமிடம். அது 10 பேரின் ஒரு நாள் உழைப்பு. 4 பேரிடம் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் 20 மணி நேர வேலை விழுகிறது.

பில்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. உழைப்போ பாதியாக மட்டுமே குறைந்தது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள 6 பேரின் உழைப்பு, எஞ்சிய நால்வரின் உடலிலிருந்து பிழிந்தெடுக்கப்படுகிறது. வேலை நாளின் நீளத்துக்குச் சட்டம் வரம்பு கட்டியபோது, முதலாளிகள் இயந்திரத்தைக் கொண்டு அதே மணி நேரத்துக்குள் உழைப்பைச் செறிவாக்கியதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தின் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஆராய்ந்தார். அன்று நூற்பாலையில் கண்டதை இன்று கணினித் திரையின் முன் காண்கிறோம். முன்பு கடினமான பில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வந்த எளிய பில்கள், மூளைக்குச் சிறிது ஓய்வாகவும் இருந்தன. அந்த ஓய்வும் பறிபோயிற்று.

இன்னொரு சுமையும் உண்டு. எக்ஸெப்ஷன் இரு வகைப்படும். பில்லிலேயே முரண்பாடு இருப்பது ஒரு வகை. பாட் தானே இடறி விழுவது மற்றொரு வகை. பெரும்பாலும் இம்மென்பொருள் மனிதரைப் போலவே திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது. ஆகவே கணக்கு மென்பொருளின் திரை அமைப்பு மாறினாலோ, கடவுச்சொல் காலாவதியானாலோ, விற்பவர் தம் பில்லின் வடிவத்தை மாற்றினாலோ அது நின்றுவிடும். அன்று எளிய பில்களும் ஊழியரின் வரிசையில் வந்து குவியும். மேற்கண்ட கணக்கில் 200 எளிய பில் கூடுதலாக வந்தால் 600 நிமிட வேலை கூடுகிறது; இலக்கு மட்டும் மாறுவதில்லை. இதை இனங்காண்பது கடினமன்று. மூன்று ஆவணங்களும் சரியாகப் பொருந்தியிருந்தும் பில்கள் கூட்டமாக, ஒரே நேரத்தில் அல்லது ஒரே விற்பனையாளரிடமிருந்து திரும்பி வந்தால், பழுது பாட்டினுடையது. அந்த நேரத்தையும் எண்ணிக்கையையும் ஊழியர்கள் அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். இலக்கைப் பற்றிய பேச்சுவார்த்தையில் அதுவே அவர்களின் சான்று.

நேரம் போதாதபோது என்ன நடக்கும்? ஊழியர் அலுவலகத்தில் கூடுதலாக அமர்வார். அல்லது சரிவரப் பார்க்காமலே ஒப்புதல் அளிப்பார். ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போய்விட்டால், பதிவில் நிற்பது கடைசியாக ஒப்புதல் கொடுத்த மனிதரின் அடையாள எண். எளிய பில்களைப் பார்த்தே தொழில் கற்ற தலைமுறை நீங்கியபின், புதிதாக வருபவர் எங்கே கற்பார்? தானியக்கம் கடினமானவற்றை மனிதரிடம் விட்டுவிட்டு, அவற்றைச் செய்வதற்கான பயிற்சியையும் அவரிடமிருந்து பறிக்கிறது என்பதை உளவியல் ஆய்வாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-லேயே எழுதினார். இதற்கிடையே, ஊழியர் தீர்த்துவைத்த சிக்கல்களைத் தொகுத்துப் பார்த்து, பாட்டுக்கான புதிய விதிகளும் எழுதப்படுகின்றன. தொழிலாளியின் அறிவு நிறுவனத்தின் சொத்தாகிறது. அதற்கு அவருக்குக் கூலி இல்லை.

சட்டம் இங்கே முற்றிலும் வாய்மூடி இருக்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு, பணி நிலைமைகளை மாற்றுவதற்கு 21 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும் என்றது. ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய தொழில்நுட்ப மாற்றம் மட்டுமின்றி, ஒரு பிரிவிலோ செயல்முறையிலோ பணியாற்றுவோரின் எண்ணிக்கையைக் குறைப்பதும் அதன் நான்காம் அட்டவணையில் இருந்தது. அந்த இடத்துக்கு வந்த 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பை நாம் எதிர்க்கிறோம். எனினும் மாற்ற அறிவிப்பு அதன் 40-ஆவது பிரிவிலும் இருக்கிறது. 20 பேர் 4 பேராவது எண்ணிக்கைக் குறைப்பே. ஆனால் “யாரையும் நீக்கவில்லை, வேறு பணிக்கு மாற்றினோம்” என்று சொல்லியும், ராஜினாமா எழுதி வாங்கியும் நிறுவனங்கள் இக்கடமையிலிருந்து நழுவுகின்றன. கர்நாடக அரசோ, நிலையாணைகள் சட்டத்திலிருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அளித்த விலக்கை 2024-இல் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. பிழைக்கான பழி ஊழியர் மீது விழும்போது, அவரைக் காக்க வேண்டிய ஒழுங்கு நடவடிக்கை விதிகளே அவருக்கு இல்லாமற் போயின.

நாம் இயந்திரத்தை எதிர்ப்பவர்கள் அல்லர். 1,600 பில்களை மனிதர் பார்க்க வேண்டியதில்லை என்றால் அது நல்லதே. மிச்சமாகும் நேரம் யாருக்கு என்பதே கேள்வி. பாட் வரும் முன்பே எளியதற்கும் சிக்கலானதற்கும் ஆகும் நேரம் ஊழியர் பிரதிநிதிகளின் முன்னிலையில் தனித்தனியே அளக்கப்பட வேண்டும். இலக்கு எண்ணிக்கையால் அமையாமல், அந்த நேரத்தால் அமைய வேண்டும். பாட் பழுதான நேரம் இலக்கிலிருந்து கழிக்கப்பட வேண்டும். நேரம் தராமல் வாங்கிய ஒப்புதலில் நேரும் பிழைக்கு நிர்வாகமே பொறுப்பேற்க வேண்டும்.

கர்நாடகத்தில் 2024-இல் 14 மணி நேர வேலை நாளுக்கான முன்மொழிவை எதிர்த்துக் களமிறங்கிய கிட்டு எனப்படும் கர்நாடக மாநில ஐ.டி., ஐ.டி.இ.எஸ். ஊழியர் சங்கம் இந்தத் துறையில் வேரூன்றி வருகிறது. கடிகாரத்தில் தெரியும் 14 மணி நேரத்தை எதிர்ப்பதற்கு ஊழியர்களைத் திரட்ட முடிந்தது. 8 மணி நேரத்துக்குள் திணிக்கப்படும் 20 மணி நேரம் கடிகாரத்தில் தெரியாது. கணக்குப் போட்டால்தான் தெரியும். ஓசூரிலும் பெங்களூருவிலும் இந்த ஊழியர்களிடையே பணியாற்றும் தோழர்கள், அந்தக் கணக்கை அவர்களோடு அமர்ந்து, அவர்களுடைய சொந்த எண்களைக் கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியல் அங்கிருந்தே தொடங்கட்டும்.