பூக்கார அம்மாவுக்குப் பின்னால் இருப்பவர்கள்



நடுப்பக்கத்தில் இருக்கும் ரங்கநாதன் தெரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். பூ விற்கும் அம்மா, தன் படத்தைப் போடலாம் என்று மனதாரச் சொன்னார். அவருக்குப் பின்னால் பையும் குழந்தையுமாகப் போகிற கூட்டத்திடம் கேட்க வழியில்லை. அதனால் அவர்களுக்கெல்லாம் கணினி வரைந்த வேறு முகங்கள் வைத்திருக்கிறோம்.

முகத்தை மங்கலாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். கட்டம் கட்டமாகச் சிதைத்த முகம் யாருடையது என்பதைப் பழக்கப்படுத்திய மென்பொருள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது என்று 2016-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். முகம் முழுவதையும் கறுப்பால் மூடிவிட்டால் அந்தப் பயமில்லை. ஆனால் கடைத்தெரு குற்றவாளிகளின் ஊர்வலம் போல ஆகிவிடும்.

நாங்கள் பின்பற்றிய முறை, நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ‘டீப்பிரைவசி’ வகையைச் சேர்ந்தது. மென்பொருள் முதலில் முகத்தைக் கண்டுபிடித்து, கண், காது, மூக்கு, தோள் இருக்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது. பிறகு முகப் பகுதியை முழுக்க அழித்துவிடுகிறது. அந்தக் குறிகளையும் சுற்றியுள்ள முடி, கழுத்து, வெளிச்சம் ஆகியவற்றையும் கொண்டே புது முகம் வரையப்படுகிறது. வரையும் பகுதி பழைய முகத்தைப் பார்ப்பதே இல்லை. அதன் பலமே அதுதான். பழைய முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் கருவிகளில் அசல் சாயல் எங்காவது ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் கண்டுபிடித்த முகத்தைத்தான் மென்பொருள் மாற்றும். பக்கவாட்டில் திரும்பியவர், செல்போனால் பாதி முகம் மறைந்தவர் சிலசமயம் தப்பிவிடுவார்கள். அவர்களின் சொந்த முகம் அப்படியே படத்தில் நிற்கும். நம் படத்தில் ஒரு பெண்ணின் முகம் மாறிவிட்டது, ஜவுளிக்கடைக் கண்ணாடியில் தெரிந்த அவருடைய பிம்பம் மாறவில்லை. படத்தைப் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்த எங்கள் வடிவமைப்பாளர் கண்ணில் அது பட்டது. இன்னொரு இடத்தில் மென்பொருள் ஒரு பாட்டியின் சுருக்கங்களை வழித்தெடுத்து அவரை மருமகள் வயதுக்குக் கொண்டுவந்திருந்தது. மூக்குத்தியையும் காணோம். மூக்குத்தி போனது நல்லதுதான், அதுவும் அடையாளம். வயதை மட்டும் மறுபடி வரையவைத்தோம்.

முகம் மாறினாலும் புடவையும் நடையும் தெரிந்தவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பள்ளிச் சீருடையில் வந்த பையனைப் படத்திலிருந்தே வெட்டிவிட்டோம்.

செய்திப் படங்களில் இந்த வேலையைச் செய்யமாட்டோம். மறியலில் நிற்கும் ஒருவருக்கு இல்லாத முகத்தை வைப்பது பொய்ச் சாட்சி. கட்டுரைக்குத் துணையாக வரும் படங்களில் மட்டும் செய்வோம். செய்ததைப் படக்குறிப்பில் சொல்வோம். கணினி வரைந்த முகம் தற்செயலாக உங்களையோ உங்கள் வீட்டாரையோ போல இருந்துவிட்டால் ஒரு வரி எழுதுங்கள், மின்னிதழில் உடனே மாற்றிவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்