பத்து லட்சம் பத்திரமாக இருக்கிறது, அதன் மதிப்பு எங்கே போனது?

நம் சேரிகளுக்குப் பெரிய தொகை ஒன்று வருகிறதென்றால் பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகுதான் வருகிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் செத்துப்போனால் நிவாரணம் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதிச் செத்தால் விபத்து இழப்பீடு வருகிறது. பணத்தைக் கொடுக்கும் அதிகாரியும் ஊர்ப் பெரியவர்களும் வங்கி மேலாளரும் ஒரே குரலில் சொல்வது இதுதான்: "ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிடு, பத்திரமாக இருக்கும்." பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதன் மதிப்பு பத்திரமாக இருக்கிறதா என்பதே எங்கள் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கணக்குப் போட்டே கேட்போம். எடுத்துக்காட்டுக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் கணவர் இறந்துவிட்டார். உச்சநீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் சொன்ன 10 லட்சம் ரூபாய் அந்த அக்காவின் கைக்கு 2020 நடுவில் வருகிறது. செங்கல்பட்டில் ஸ்டேட் வங்கிக்குப் போகிறார். ஐந்து ஆண்டு வைப்புக்கு அப்போதைய வட்டி 5.4 சதவீதம். போட்டுவிடுகிறார்.

வட்டியைத் தொடாமல் விட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது அசலோடு சேர்ந்து, ஐந்து ஆண்டு முடிவில் ஏறத்தாழ 13,07,600 ரூபாய் ஆகியிருக்கும். மூன்று லட்சத்துக்கு மேல் லாபம் என்று வங்கி ரசீது சொல்லும்.

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். நாட்டின் சில்லறை விலைவாசி 2020-21-ல் 6.2 சதவீதம் ஏறியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 5.5, 6.7, 5.4, 4.6. இவற்றைக் கூட்டினால் போதாது. இந்த ஆண்டின் ஏற்றம் போன ஆண்டின் ஏறிய விலை மேல்தான் ஏறுகிறது, ஆகவே பெருக்க வேண்டும். பெருக்கினால் 31.8 சதவீதம் வருகிறது. 2019-20-ல் 10 லட்சத்துக்குக் கிடைத்த பொருட்களை 2024-25-ல் வாங்க 13,18,000 ரூபாய் வேண்டும். அக்காவிடம் இருப்பது 13,07,600. ஐந்து ஆண்டு ஒரு பைசாவைத் தொடாமல் காத்திருந்தும், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 8,000 ரூபாய் குறைவுதான். அந்த மூன்று லட்சமும் லாபமே கிடையாது. அரித்துப்போன அசலுக்குப் போட்ட ஒட்டு.

இதுவும் வரி பிடிக்காவிட்டால்தான். அன்றைய விதிப்படி, அறுபது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும் (முதல் ஆண்டில் மட்டும் கொரோனாச் சலுகையாக 7.5). அக்காவின் வட்டி 54,000-க்கு மேல். அவருக்கு வரி கட்டும் அளவு வருமானம் கிடையாது, ஆனால் அது வங்கியின் கணினிக்குத் தெரியாது. ஒவ்வொரு நிதியாண்டும் 15ஜி படிவம் எழுதிக் கொடுத்தால்தான் பிடிக்காமல் விடும். பான் எண் கொடுக்காதவருக்கும், 2023 ஜூலைக்குப் பிறகு ஆதாரோடு இணைக்காமல் பான் செயலிழந்தவருக்கும், பிடித்தம் 20 சதவீதம். 5.4 சதவீத வட்டி அவர் கையில் 4.32 ஆகிறது. 2022-23-ல் விலைவாசி 6.7 ஏறியபோது அவர் பணம் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 2.2 சதவீதம் தேய்ந்தது. ஐந்து ஆண்டும் இப்படியே போனால் கையில் வருவது ஏறத்தாழ 12,39,700. அன்றைய மதிப்பில் 9,40,600. கிட்டத்தட்ட 60,000 ரூபாய் காணாமல் போயிருக்கிறது. திருடியவர் யாரும் இல்லை, ரசீதில் ஒரு பிழையும் இல்லை.

இன்னும் பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கணவரை இழந்த குடும்பம் வட்டியைத் தொடாமல் எப்படிச் சாப்பிடும்? மாதா மாதம் வட்டியை வாங்கித்தான் அரிசி வாங்கும். 10 லட்சத்துக்கு மாதம் சுமார் 4,500 ரூபாய். ஐந்தாம் ஆண்டிலும் அதே 4,500-தான், ஆனால் அது தொடக்கத்தில் 3,400 ரூபாய்க்குக் கிடைத்த பொருளைத்தான் வாங்கும். முடிவில் அசல் 10 லட்சம் முழுசாகத் திரும்பி வரும். அதன் மதிப்பு 7,59,000. அந்தக் குடும்பம் வட்டியைச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு அசலையே சாப்பிட்டிருக்கிறது. சாலை விபத்து இழப்பீட்டில் இது நீதிமன்ற உத்தரவாகவே வருகிறது. சூசம்மா தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன வழிகாட்டுதலின்படி சிறுவர்களின் பங்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பங்கும் நீண்டகால வைப்பில் போடப்படுகின்றன. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து பணத்தைக் காக்க அந்த ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான். விலைவாசியிடமிருந்து காக்க அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு, அதுவும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. மேலே சொன்ன விலைவாசி எண்கள் 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டிலிருந்து வருபவை. அதில் உணவு, பானங்களின் பங்கு சுமார் 46 சதவீதம். கூலி வாங்கியவுடன் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் வீட்டில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். காய்கறி, எண்ணெய், பருப்பு மற்ற பொருட்களைவிட வேகமாக ஏறும் ஆண்டில் அந்த வீட்டின் உண்மையான பணவீக்கம் அரசு எண்ணைவிடக் கூடுதல். நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025-ல் பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய மாதங்கள் உண்டு. அப்போது ஆறு சதவீதத்துக்கு மேல் வைப்பு வைத்திருந்தவர்களுக்கு உண்மையிலேயே மதிப்பு கூடியது. வைப்பு எப்போதும் நட்டம் என்பது எங்கள் வாதம் இல்லை. நட்டமா லாபமா என்பதை ரசீது ஒருபோதும் சொல்லாது என்பதே வாதம்.

பணவீக்கம் அரசுக்குத் தெரியாத விஷயமா? நன்றாகவே தெரியும். இதே கடற்கரையில் நிலம் வைத்திருப்பவரைப் பாருங்கள். வருமான வரித்துறை ஆண்டுதோறும் ஒரு பணவீக்கக் குறியீடு வெளியிடுகிறது. நீண்டகாலம் வைத்திருந்த நிலத்தை விற்பவர், தான் வாங்கிய விலையை அந்தக் குறியீட்டால் உயர்த்திக் காட்டி, மீதியை மட்டுமே லாபமாகக் கணக்கிட்டு வரி கட்டினார். 2024 ஜூலை 23-ல் இந்த முறையை மாற்றியபோதுகூட, அந்தத் தேதிக்கு முன் நிலம் வாங்கிய தனிநபர்கள் பழைய முறை, புதிய முறை இரண்டில் எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம் என்று வழிவிட்டார்கள். மனை வைத்திருப்பவருக்குப் பணவீக்கம் உண்டு. பிணத்துக்குக் கிடைத்த பணத்தை வைப்பில் போட்ட பெண்ணுக்கு மட்டும் கிடையாது. அவருடைய வட்டி, விலைவாசியைவிடக் குறைவாக இருந்தாலும், முழுக்க வருமானம் என்றே எழுதப்படுகிறது. சொத்துள்ளவருக்கு ஒரு கணக்கு, இல்லாதவருக்கு ஒரு கணக்கு. இதை வெறும் வரி விதி என்று கடந்துபோக எங்களால் முடியாது.

உச்சநீதிமன்றமும் இந்தத் தேய்மானத்தை ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில், 1993 முதலான சாவுகளுக்கு வைத்த 10 லட்சத்தின் இன்றைய ஈடு 30 லட்சம் என்று சொல்லி நிவாரணத்தை உயர்த்தியது. வரவேற்கிறோம். ஆனால் 30 ஆண்டில் 10 லட்சம் 30 லட்சமாக வேண்டுமென்றால் ஆண்டுக்கு 3.7 சதவீதம் ஏறினால் போதும். நாம் மேலே பார்த்த ஐந்து ஆண்டுகளில் ஒன்றில்கூட விலைவாசி அவ்வளவு குறைவாக ஏறவில்லை. பழைய தொகையை வாங்கி வைப்பில் போட்ட குடும்பங்களின் இழப்பை யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த 30 லட்சமும் இன்று அதே வங்கி மேசைக்குத்தான் போகிறது.

ஆகவே தோழர்களே, நிவாரணம் வாங்கிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று திரும்பிவராதீர்கள். அந்தக் குடும்பத்தோடு வங்கிக்கும் போங்கள். பான் எண் உயிரோடு இருக்கிறதா, வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவம் இந்த ஆண்டுக்குக் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். பான் சரியாக இருந்து 10 சதவீதம் பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் இல்லாமல் பிடித்த பணம் யார் கணக்கிலும் ஏறாது.

அடுத்து, தபால் நிலையத்தையும் கேளுங்கள். நம் அக்கா வங்கிக்குப் போன அதே 2020 நடுவில் தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு வட்டி 6.8 சதவீதம். அதில் 10 லட்சம் ஐந்து ஆண்டில் 13,89,500 ஆனது. டி.டி.எஸ். பிடிப்பதில்லை. விலைவாசியைக் கழித்தாலும் அசலுக்கு மேல் 54,000 ரூபாய் நிற்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன் அதை எடுக்க முடியாது என்பதால், சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மீதியைத்தான் போட வேண்டும். வட்டி இறங்கிக் கிடக்கும் காலத்தில் ஐந்து ஆண்டுக்குப் பூட்டுவதும் ஆபத்து. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5-க்கு ஏற்றியது. புதிதாக வந்தவர்களுக்கு வங்கிகள் 7 சதவீதம் கொடுத்தன. 5.4-ல் பூட்டியவர் 5.4-லேயே கிடந்தார்.

இதைப் படித்துவிட்டு மாதம் பத்து, இருபது சதவீதம் தருகிறேன் என்பவனிடம் யாரையும் அனுப்பிவிடாதீர்கள். 2022-ல் ஆருத்ரா கோல்டு வழக்கில் என்ன நடந்தது என்று தமிழ்நாடே பார்த்தது. வைப்பில் மதிப்பு தேயும், அங்கே அசலே போகும். வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, அவனிடம் ரசீதுத் தாள் மட்டும்தான்.

எங்கள் கோரிக்கை இரண்டு. நீதிமன்றமோ அரசோ வைப்பில் போடச் சொல்லும் எந்த இழப்பீட்டுப் பணத்துக்கும், விலைவாசி ஏறும் அளவுக்குக் குறையாத வட்டியை அரசே உறுதி செய்ய வேண்டும். விலைவாசியைக் கழித்த பிறகு மிஞ்சும் வட்டிக்கு மட்டுமே வரி போட வேண்டும். நிலத்துக்குப் போடத் தெரிந்த குறியீட்டை ஒரு விதவையின் வைப்புக்கும் போடலாம். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது சொல்லுங்கள்.