கல்விக் கடன்: தவணை தொடங்கும் அந்த ஒரு நாள்

2017 ஆகஸ்டில் ஒரு நாள் அப்பா ஊரிலிருந்து போன் பண்ணினார். எடுத்ததும் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, நாம இருபது லட்சம்தானே வாங்குனோம்? பேங்குல இருபத்தஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்னு போட்டுருக்கான். கணக்கு தப்பா?"

கணக்கு தப்பில்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்ஜினீயரிங் படித்தவன், எக்செலில் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் போட்டுப் பார்க்கவில்லை.

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க ஊரில் கடன் வாங்கி வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இப்போது வந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் அதே வழியில்தான் வருகிறார்கள். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து, அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டு வாங்கும் கடன் இது. படிப்புக் காலம் முழுக்க, அதற்குப் பிறகும் பெரும்பாலும் ஒரு வருடம், தவணை கட்ட வேண்டாம். அந்த அவகாசத்துக்குப் பெயர் மொரட்டோரியம். நாம் அதை 'கடன் இன்னும் ஆரம்பிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் முதல் செமஸ்டர் பணம் கல்லூரிக்குப் போன அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது.

என் கடனையே எடுத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதத்துக்கு ஒரு சதவீதம். இருபது லட்சத்தையும் வங்கி ஒரே நாளில் தரவில்லை. ஏறக்குறைய ஆறு மாத இடைவெளியில் ஐந்து ஐந்து லட்சமாக நான்கு முறை விடுவித்தது. படிப்புக்கு 24 மாதம், பிறகு 12 மாதம், ஆக மொத்தம் 36 மாதம் அவகாசம். முதல் ஐந்து லட்சத்துக்கு 36 மாத வட்டி, அடுத்ததற்கு 30, பிறகு 24, கடைசிக்கு 18. கூட்டினால் 108 மாதம். ஐந்து லட்சத்துக்கு மாத வட்டி 5,000 ரூபாய் என்றால் மொத்தம் 5,40,000 ரூபாய். அப்பா பார்த்த தொகையின் கதை அவ்வளவுதான்.

ஆனால் அதோடு முடியவில்லை. மொரட்டோரியம் முடிந்த நாளில் வங்கி அந்த 5.4 லட்சத்தை அசலோடு சேர்த்தது. அதுவரை வட்டியாக இருந்த பணம் அன்றிலிருந்து அசல்; இனி அதற்கும் 12 சதவீதம் வட்டி. பத்து வருடத் தவணை என்றால் 25.4 லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 36,440 ரூபாய். வெறும் இருபது லட்சத்துக்கு என்றால் 28,690. மாதம் 7,750 ரூபாய் வித்தியாசம். 120 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 9.3 லட்சம். கட்டாமல் விட்ட 5.4 லட்சம் வட்டிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

அப்போது என் கையில் பணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2016 நவம்பரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஒன்பது மாதம், மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா அதில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல், அதே வங்கியில், அதே கிளையில் ஏழு சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டார். "இஎம்ஐ ஆரம்பிக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்பது அவர் கணக்கு. அந்த நாலரை லட்சத்தை வாங்கி வைத்த ஊழியர், "சார், உங்க பையன் லோன் ஒண்ணு இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் யார் மேல் தப்பு என்று பல வருடம் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. நான் அப்பாவின் டெபாசிட்டைக் குறை சொன்னேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. 2017 ஆகஸ்ட் வரைக்கும் அப்பா செய்தது சரிதான்!

ஏன் என்றால், எங்கள் கடனில் மொரட்டோரியம் முழுக்கத் தனிவட்டி. ஓடிக்கொண்டிருந்த வட்டிக்கு வட்டி கிடையாது. அந்த 5.4 லட்சத்தை முன்கூட்டியே மாதாமாதம் கட்டினாலும், கடைசி வாரத்தில் மொத்தமாகக் கட்டினாலும், தவணை தொடங்கும் நாளில் நிலுவை ஒன்றேதான். அதுவரை பணம் டெபாசிட்டில் ஏழு சதவீதம் சம்பாதித்தால் லாபம். தப்பு அதற்குப் பிறகு நடந்தது. வட்டி அசலாக மாறிய அன்றே டெபாசிட்டை உடைத்துக் கட்டியிருக்க வேண்டும். 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே இன்னும் இரண்டு வருடம் விட்டுவைத்தோம். நாலரை லட்சத்துக்கு ஒரு பக்கம் 54,000 வட்டி கட்டிக்கொண்டே, மறுபக்கம் 31,500 வாங்கினோம். வருடத்துக்கு 22,500 ரூபாய் தெரிந்தே தண்ணீரில் விட்டது மாதிரி.

ஒரு விதிவிலக்கு உண்டு. படிப்புக் காலத்திலேயே வட்டியை ஒழுங்காகக் கட்டி வந்தால், சில வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் குறைக்கின்றன. அப்படிச் சலுகை இருந்தால், அது எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, டெபாசிட் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்பதுதான் முக்கியமான விஷயம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் மொரட்டோரியத்துக்குத் தனிவட்டிதான் சொல்கிறது. பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகின்றன. எல்லாக் கடன் நிறுவனமும் அப்படியில்லை. மாதாமாதம் வட்டியை நிலுவையோடு சேர்த்துக் கூட்டுவட்டி போடும் கடன்களும் உண்டு. என் இருபது லட்சத்தையே அப்படிக் கணக்குப் போட்டால், தவணை தொடங்கும்போது 25.4 லட்சம் இல்லை, 26.2 லட்சம். அந்த வகைக் கடனில் காத்திருக்கக் கூடாது. கையில் வரும் முதல் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டும்.

உங்களுடையது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிலுவைத் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தனிவட்டி போடும் வங்கியும் மாதா மாதம் வட்டியைக் கணக்கில் பற்று எழுதும், நிலுவை ஏறிக்கொண்டே இருக்கிற மாதிரிதான் தெரியும். அதற்குப் பதிலாக வட்டி வரியை மட்டும் பாருங்கள். புதிதாகப் பணம் எதுவும் விடுவிக்காத காலத்தில், 31 நாள் உள்ள இரண்டு மாதங்களை, உதாரணமாக அக்டோபரையும் டிசம்பரையும், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வட்டி ஒரே தொகையாக இருந்தால் தனிவட்டி. டிசம்பரில் கொஞ்சம் கூடியிருந்தால் வட்டி வட்டி போடுகிறது. நடுவில் வட்டி விகிதம் மாறவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதத்தை 4லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. இஎம்ஐ கட்டுகிறவனுக்கு அது உடனே உறைத்தது. மொரட்டோரியத்தில் இருந்த மாணவனுக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அவனிடம் யாரும் பணம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் வாங்கும் மத்திய அரசின் நேரடிக் கடனிலும் ஒரு காலம் வரை இதே பழக்கம்தான். 2023 ஜூலை 1 முதல் அது மாறியது. படிப்பு முடிந்து முதன்முதலாகத் தவணை தொடங்கும்போது, சேர்ந்த வட்டியை அசலோடு சேர்ப்பதை அந்நாட்டுக் கல்வித் துறை நிறுத்தியது. வட்டி தள்ளுபடி ஆகவில்லை, தனியாக நிற்கிறது. கட்டும் பணம் முதலில் அதற்குப் போகும். தனியார் கடன்களுக்கு இது பொருந்தாது, ஒத்திவைப்பு முடியும்போது போன்ற சில சந்தர்ப்பங்களில் இன்னும் சேர்க்கிறார்கள்.

சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். என் கடனில் அதைப் பொருத்திப் பார்த்தேன். 5.4 லட்சம் தனியாக நின்று, அசல் இருபது லட்சமாகவே இருந்து, நான் அதே 36,440 ரூபாயைக் கட்டி வந்திருந்தால், முதல் 33 மாதத்தில் பழைய வட்டி தீர்ந்திருக்கும், அடுத்த 80 மாதத்தில் அசலும் தீர்ந்திருக்கும். 120 தவணைக்குப் பதில் 113. ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய் மிச்சம். ஒரே ஒரு கணக்குப்பதிவு வித்தியாசம்!

இந்திய வங்கிகளும் நாளையே அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே கடன் கொடுப்பது அரசு. இங்கே டெபாசிட்காரருக்கு வட்டி கொடுத்துக்கொண்டே மூன்று வருடம் காத்திருப்பது வங்கி. தனிவட்டியே ஒரு சலுகைதான், அதை மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. அந்த நாள் வருவதற்கு மூன்று மாதம் முன்பே வங்கி ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். இதுவரை சேர்ந்த வட்டி இவ்வளவு, இந்தத் தேதியில் அசலோடு சேரும், முன்னால் கட்டினால் இஎம்ஐ இவ்வளவு, கட்டாவிட்டால் இவ்வளவு. நான்கு வரி போதும். கிரெடிட் கார்டு விற்க வாரம் மூன்று மெசேஜ் அனுப்பத் தெரிந்த வங்கிக்கு இது பெரிய வேலையில்லை.

கடன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பிடி ஏற்கனவே இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக அனுமதிக்கும் சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்களும் தவணை அட்டவணையும் அடங்கிய அறிக்கை ஒன்றை வங்கியும் நிதி நிறுவனமும் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லவும் வேண்டும். நமக்கு அது எந்த மொழி? என் அப்பா கையெழுத்துப் போட்ட பக்கங்களில் அவர் பெயரைத் தவிர ஒரு எழுத்துக்கூடத் தமிழில் இல்லை. இன்று கையெழுத்துப் போடப் போகிற அப்பா அம்மாக்கள் அந்த அறிக்கையைத் தமிழில் கேட்டு வாங்கலாம். வாங்கி, மொரட்டோரியத்தில் தனிவட்டியா கூட்டுவட்டியா, எந்தத் தேதியில் அசலோடு சேரும் என்ற இரண்டு பதிலையும் மேலாளரிடம் எழுத்தில் வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த ஒரு தம்பியிடம் அவன் கடனைப் பற்றி விசாரித்தேன். "அண்ணா, எனக்கு இஎம்ஐ ஜனவரிலதான்" என்றான் நிம்மதியாக. ஸ்டேட்மென்டைத் திறக்கச் சொன்னேன். லாகின் பாஸ்வேர்டு அவன் அப்பாவிடம் இருந்தது, அங்கே அப்போது நள்ளிரவு. மறுநாள் காலையில் இரண்டு வட்டி வரிகளை எனக்கு அனுப்பினான். டிசம்பர் தொகை அக்டோபரைவிடக் கூடுதலாக இருந்தது. வட்டி விகிதம் மாறவில்லை. இந்த மாதச் சம்பளத்திலிருந்து கட்ட ஆரம்பித்திருக்கிறான்.