கூட்டில் முதலில் எடுத்தவருக்குத்தான் பொறுப்பு அதிகம்

 

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அன்னதான மேசை எடுத்து வைக்கும்போது ரெண்டு பேர் வந்து கேட்டாங்க: "நம்ம ஆளுங்களா சேர்ந்து புதுசா ஒரு கூட்டு ஆரம்பிக்கலாமா? எல்லாரும் கோயில் ஆளுங்கதானே, பயம் என்ன?" அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. எங்க தாமான்ல ஒரு கூட்டில் நடந்ததை, சம்பந்தப்பட்டவங்க அனுமதியோடு, பேர் இல்லாமல் எழுதுகிறோம்.

கூட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் 12 பேர், மாதம் ஆளுக்கு 300 வெள்ளி. எடுக்கிறவரும் தன் 300ஐப் போடணும். மாதம் 3,600 வெள்ளி ஒருவர் கைக்குப் போகும். வட்டி இல்லை, ஏலம் இல்லை. ஜனவரியில் ஆரம்பித்து டிசம்பரில் முடியும். வழக்கப்படி முதல் கூட்டு கூட்டுத் தலைவிக்கு. மற்றவங்களுக்குச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டோம்.

மூன்றாவது மாதம் எடுத்தவர் ஒரு தங்கச்சி. மார்ச்சில் 3,600 வாங்கினாங்க. ஏப்ரல், மே ஒழுங்கா கட்டினாங்க. ஜூனில் வீட்டுக்காரருக்கு வேலை போனது. அந்த மாதம் "அடுத்த வாரம் தரேன்" என்றாங்க. ஜூலையில் போன் எடுக்கலை. அதைவிட வருத்தம், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருவதையும் நிறுத்திட்டாங்க.

இங்கேதான் கூட்டைப் பற்றி நாம் பலரும் யோசிக்காத ஒன்று இருக்கு. மே மாதக் கடைசியில் அந்தத் தங்கச்சி கட்டியது 1,500 வெள்ளி. டிசம்பர் சீட்டு விழுந்த, நம்ம கோயிலுக்குப் பூ கட்டித் தரும் அம்மா கட்டியதும் அதே 1,500 வெள்ளிதான். ஒருத்தர் கையில் 3,600 வந்து செலவாகிவிட்டது. இன்னொருத்தர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். அதாவது முன்னாடி எடுக்கிறவர் வாங்குவது கடன். பின்னாடி எடுக்கிறவர் செய்வது சேமிப்பு. அந்தக் கடனைக் கொடுப்பது வங்கி இல்லை, பூ கட்டும் அம்மாதான். யாராவது நின்றுபோனால் இன்னும் எடுக்காதவங்க பணம்தான் முதலில் போகும்.

தங்கச்சி கட்ட வேண்டிய பாக்கி ஜூனிலிருந்து டிசம்பர் வரை 7 மாதம், 2,100 வெள்ளி. தலைவி என்பதால் அதை அந்த அக்காவே ஈடு கட்டணும் என்று சிலர் சொன்னாங்க. முதல் கூட்டு தலைவிக்கு என்பதன் அர்த்தமே அதுதான்: ஆள் தவறினால் நான் போடுறேன் என்ற பொறுப்புக்குக் கிடைக்கும் சலுகை. ஆனால் அக்கா அந்த முதல் கூட்டைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டிட்டாங்க. மாதம் 600 போட அவங்களால் முடியாது. ஜூன், ஜூலைக்கு எப்படியோ புரட்டிப் போட்டாங்க. மூன்றாவது மாதம் ஆலோங்கிடம் கேட்கப் போறேன் என்று அழுதபிறகுதான் நாங்க எல்லாரும் உட்கார்ந்து பேசினோம்.

அப்போ ஒருத்தர் சொன்னார், "ஜூனிலிருந்து எடுக்கிறவங்க ஆளுக்கு 300 குறைச்சு வாங்கிக்கட்டும், கணக்கு சரியாகிடும்." கணக்கு சரிதான், நியாயம் சரியில்லை. ஜூனுக்கு முன்னாடியே 3,600 முழுசா வாங்கின மற்ற நாலு பேர் ஒரு காசு இழக்க மாட்டாங்க. பொறுமையா காத்திருந்த ஏழு பேர் மொத்தத்தையும் சுமப்பாங்க.

நாங்க செய்தது இது. தங்கச்சி போக மீதி 11 பேரும், எடுத்தவங்க எடுக்காதவங்க என்று பார்க்காமல், ஜூனிலிருந்து கணக்குப் போட்டு மாதம் 300க்குப் பதிலா 330 கட்டினோம். 11 பேர் 330 போட்டால் 3,630. எடுக்கிறவருக்கு 3,600 முழுசா போகும், 30 மிச்சம். தலைவி புரட்டிப் போட்ட 600ஐ முதலில் திருப்பிக் கொடுத்தோம். டிசம்பரில் பூ கட்டும் அம்மா 3,600ஐ எண்ணி வாங்கினாங்க. மிச்சம் சேர்ந்த 210 வெள்ளியை உண்டியலில் போடலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றோம். அது கஷ்டத்தில் கூடுதலா கட்டிய காசு. ஆளுக்கு 19 வெள்ளி திருப்பிக் கொடுத்து, மீந்த ஒரு வெள்ளியைத்தான் உண்டியலில் போட்டோம்.

இதை வைத்து எங்கள் கருத்து. கூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "கோயில் ஆள்தானே" என்பது ஜாமீன் இல்லை. சுவாமி முன்னாடி விழுந்து கும்பிடுகிறவருக்கும் வேலை போகும். பக்தியை நம்பி வரிசை போடக்கூடாது, கணக்கை நம்பிப் போடணும்.

வரிசைக்கு வெறும் குலுக்கல் போதாது. ஏற்கெனவே ஒரு சுற்று ஒழுங்கா முடித்தவங்க மட்டும் முன் மாதங்களுக்குக் குலுக்கட்டும். புதுசா சேருகிறவர் கடைசி மாதங்களில் எடுக்கட்டும். ஆனால் அப்படிக் கடைசியில் நிற்கிறவர் நமக்குக் கடன் கொடுக்கிறவர். அதனால் யார் கட்டினார், யார் பாக்கி என்ற நோட்டு அவர் கண்ணில் மாதாமாதம் படணும். எங்க நோட்டு தலைவி வீட்டு அலமாரியில் இருந்தது. ஜூன் பாக்கி மற்றவங்களுக்குத் தெரிய ஆகஸ்ட் ஆகிவிட்டது.

ஆள் தவறினால் பாக்கியை எப்படிப் பிரிப்பது என்பதையும் முதல் மாதமே எழுதி வைக்கணும். தலைவி முழுசா ஏற்பதா, எல்லாரும் பிரிப்பதா? ஏற்பேன் என்றால் முதல் கூட்டு எடுக்கட்டும். ஏற்க முடியாதென்றால் அவரும் குலுக்கலில் நிற்கட்டும். சலுகை ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம் என்று இருக்கக்கூடாது.

இன்னொன்று. இந்த நாட்டில் 1971ஆம் ஆண்டிலிருந்தே கூட்டு நிதித் தடைச் சட்டம் இருக்கு. ஆங்கிலத்தில் உள்ள அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம்ம "கூட்டு" என்ற சொல் இருக்கு. கூட்டைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க வந்தது அது. யாராவது முகம் தெரியாதவங்களைச் சேர்த்து, கமிஷன் வாங்கி, பத்து கூட்டு ஒரே நேரத்தில் நடத்துகிறார் என்றால் அங்கே போகாதீங்க. கோயில் பெயரையோ கோயில் வாட்ஸ்அப் குழுவையோ எந்தக் கூட்டுக்கும் பயன்படுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். இழப்பு வந்தால் பழி சந்நிதிக்கு வரும்.

அந்தத் தங்கச்சியைப் பற்றி. பேரைக் குழுவில் போடணும் என்று சிலர் கோபப்பட்டாங்க. நாங்க போடலை. பூ கட்டும் அம்மாதான் வீட்டுக்குப் போய்ப் பேசினாங்க. "முடிஞ்சதைக் குடும்மா, கோயிலுக்கு மட்டும் வராம இருக்காதே." அடுத்த ஜனவரியிலிருந்து மாதம் 100 வெள்ளி கட்டுறாங்க. இதுவரை 1,100 வந்து, 11 பேருக்கும் ஆளுக்கு 100 திரும்பியிருக்கு. இன்னும் 1,000 பாக்கி. வெள்ளிக்கிழமை பூஜைக்கும் வந்துட்டாங்க. இப்போ அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுறாங்க.

ஒரு மாதம் கட்ட முடியலைன்னா, தேதிக்கு முன்னாடியே வாய் திறந்து சொல்லுங்க. 300 வெள்ளிக்காக யாரும் சந்நிதிக்கு வராமல் இருக்க வேண்டாம்.

 

— ஆலயத் தொண்டர்கள்